எக்ஸிட் டிக்கெட் கேள்வி எழுதுவது எப்படி? உயிரியல் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு உயிரியல் எடுப்பவர்கள் ஸ்டாஃப் ரூமிலும் பயிற்சிக் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. பெரும்பாலும் சவ்வூடு பரவல் என்ற ஒரே பாடத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே பாடத்துக்கான கேள்வி எப்படித் திருந்திக்கொண்டே போகிறது என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

எக்ஸிட் டிக்கெட்னா என்ன? நாம வைக்கிற ஸ்லிப் டெஸ்ட் தானே அது?

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், கால் தாளில் ஒரு பதில். ஆனால் ஸ்லிப் டெஸ்ட் நேற்று நடத்தியதை வீட்டில் படித்துவிட்டு வந்தார்களா என்று பார்க்கிறது. எக்ஸிட் டிக்கெட் இந்த பீரியடில் நடத்தியது புரிந்ததா என்று, மணி அடிப்பதற்குள் பார்க்கிறது. படிக்க நேரம் கொடுக்காமல், புத்தகத்தை மூடச் சொல்லி, அப்போது மனதில் இருப்பதை எழுதச் சொல்கிறோம். நாளைக்குப் பாடத்தை எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இது.

மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே போகும்போது வாசலில் கொடுத்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியர்தான் வெளியே போகிறார், பிள்ளைகள் அதே பெஞ்சில் இருக்கிறார்கள். அதனால் வரிசைக்கு ஒருவர் வாங்கிக் கொடுத்தால் போதும்.

எத்தனை கேள்வி? 45 நிமிஷ பீரியடுல இதுக்கு நேரம் எங்க இருக்கு?

ஒரு கேள்வி. மிஞ்சினால் இரண்டு. மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் படிக்க ஒரு நிமிடம், யோசித்து எழுத நான்கு நிமிடம், வாங்க ஒரு நிமிடம். மீதி ஒரு நிமிடம் எப்படியும் சத்தத்தில் போய்விடும்.

பாடம் முடியவில்லை, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் பாடத்தை அங்கேயே நிறுத்தி, அதுவரை நடத்தியதில் கேளுங்கள். அவசர அவசரமாக நடத்தி முடித்த கடைசிப் பத்தி எப்படியும் யார் மனதிலும் நிற்காது. மறுநாள் காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், இரவில் டியூஷனில் படித்தவர்கள் டியூஷன் பதிலை எழுதுவார்கள். உங்கள் பாடம் எங்கே நின்றது என்பது தெரியாமலே போகும்.

"சவ்வூடு பரவல் என்றால் என்ன?"ன்னு கேட்டா போதாதா? அதுதானே பாடம்?

நானும் சில வருடம் அப்படித்தான் கேட்டேன். 42 பேர் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதினார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்ட வரியை அழித்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார்கள். மறுவாரம் ஒரு பெண்ணிடம், ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் ஜாடியில் ஏன் தண்ணீர் விடுகிறது என்று கேட்டேன். "உப்பு கரைஞ்சு தண்ணியாயிடும் மிஸ்" என்றாள். வரையறையை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தவள் அவள்.

வரையறை கேட்டால் நினைவாற்றல் தெரியும், புரிதல் தெரியாது. அந்த வரையறை தெரியாவிட்டால் பதில் சொல்லவே முடியாத ஒரு நிகழ்வைக் கொடுத்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த நிகழ்வு வகுப்பில் நீங்கள் சொன்ன உதாரணமாக இருக்கவும் கூடாது. வகுப்பில் மாங்காயைச் சொல்லியிருந்தால் சீட்டில் வெள்ளரிக்காய் வரட்டும்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? கேள்வியே தோண மாட்டேங்குது.

தப்பான பதிலிலிருந்து ஆரம்பியுங்கள். பாடம் நடத்துவதற்கு முந்தின நாள் ஒரு தாளை எடுத்து, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் மனதில் என்ன தப்பான எண்ணம் இருக்கும் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். ஐந்து வருடம் பாடம் எடுத்தவருக்கு இது தானாக வரும். புதியவர் பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் கிடைத்துவிடும். சவ்வூடு பரவலுக்கு என் தாளில் இருந்தவை மூன்று. உப்பு கரைவதும் உப்பு நீராவதும் ஒன்று என்ற எண்ணம். உப்பு செல்லுக்குள் புகுந்து நீரை வெளியே தள்ளுகிறது என்ற எண்ணம். செல் சவ்வுக்கு இதில் வேலை எதுவும் இல்லை, உப்பு இருந்தால் போதும் என்ற எண்ணம்.

இப்போது, இந்த மூன்று எண்ணத்தில் எது இருந்தாலும் பதில் வெவ்வேறாக வரும்படி ஒரு நிகழ்வைத் தேடுங்கள். நான் எழுதிய கேள்வி இது: "வெள்ளரிக்காயை இரண்டு வில்லை நறுக்கித் தனித்தனித் தட்டில் வைத்தோம். ஒன்றின் மேல் உப்புத் தூவினோம், மற்றதில் தூவவில்லை. 15 நிமிடம் கழித்து உப்புத் தூவிய தட்டில் மட்டும் நீர் நிற்கிறது. அந்த நீர் எங்கே இருந்தது, எதைக் கடந்து வந்தது, ஏன் வந்தது? இரண்டு வரியில் எழுதுக."

உப்பில்லாத வில்லையைப் பிறகுதான் சேர்த்தேன். முதல் தடவை கேட்டபோது ஒரு பையன், "கத்தியால வெட்டுன இடத்துல சாறு கசியும்" என்று எழுதியிருந்தான். சரியான பேச்சு, வெட்டுப்பட்ட செல்களிலிருந்து கசியத்தான் செய்யும். உப்பில்லாத தட்டில் அவ்வளவு நீர் இல்லை என்று கேள்வியிலேயே காட்டிவிட்டால் அந்த வழி அடைபடும்.

"எங்கே, எதை, ஏன்"னு மூணு கேட்டா அது மூணு கேள்வி ஆயிடாதா?

ஒரே நிகழ்வைப் பற்றி, ஒரே மூச்சில் பதில் சொல்லக்கூடியது என்பதால் ஒரு கேள்விதான். வெறுமனே "ஏன்?" என்று கேட்டால் பாதிப்பேர் "சவ்வூடு பரவல் நடந்ததால்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது நிகழ்வின் பெயர், விளக்கம் ஆகாது. எங்கே, எதைக் கடந்து என்று கேட்டால் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. சில சமயம் நான் கேள்வியின் கீழே "சவ்வூடு பரவல் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுதுக" என்றே போட்டுவிடுவேன். முதல் தடவை வகுப்பே முழிக்கும். இரண்டாவது தடவையிலிருந்து பதில்களின் தரம் வேறாகிவிடும்.

எழுதறதுக்குப் பதிலா நாலு சாய்ஸ் கொடுத்தா திருத்த ஈஸியா இருக்குமே?

இருக்கும். ஆனால் தப்பான சாய்ஸ் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தப்பான எண்ணத்தைப் பிடிக்க வேண்டும். ஒப்புக்கு ஒரு சாய்ஸ் போட்டால் அதை யாரும் தொடமாட்டார்கள், உங்களுக்கும் எதுவும் தெரியவராது. வெள்ளரிக் கேள்விக்கு நான் முதலில் போட்ட சாய்ஸ்கள் இவை. அ) உப்பு கரைந்து நீராக மாறியது. ஆ) காற்றில் இருந்த ஈரத்தை உப்பு ஈர்த்தது. இ) உப்பு உள்ளே சென்று நீரைத் தள்ளியது. ஈ) செல்லுக்குள் இருந்த நீர் செல் சவ்வின் வழியாக, உப்புக் கரைசல் உள்ள வெளிப்பக்கத்துக்கு வந்தது.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசத்துப் போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள், அதற்காகத்தான் 'ஆ'. அதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை கண்ணால் கண்டதை வைத்து யோசிக்கிறது. அடுத்த நாள் அந்தப் பிள்ளையிடம் பேசும் விதமே வேறு.

சாய்ஸ் கொடுத்தேன், எல்லாரும் சரியா போட்டாங்க. அடுத்த நாள் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. எப்படி?

மேலே நான் எழுதிய நான்கு சாய்ஸை இன்னொரு தடவை பாருங்கள். 'ஈ' மட்டும் நீளமாக இருக்கிறது. 'செல் சவ்வு' என்ற அன்றைய பாடச் சொல் அதில் மட்டும்தான் வருகிறது. பாடமே கவனிக்காதவன்கூட அதைத்தான் குறிப்பான். எனக்கும் அதுதான் நடந்தது, வகுப்பே 'ஈ' போட்டது, நானும் நம்பிவிட்டேன்.

திருத்தி எழுதியது இப்படி. அ) உப்பு கரைந்து நீரானது, அது செல் சவ்வின் மேல் நிற்கிறது. ஆ) காற்றின் ஈரம் உப்பில் படிந்தது, செல் சவ்வு அதை உள்ளே விடவில்லை. இ) உப்பு செல் சவ்வைக் கடந்து உள்ளே போய் நீரை வெளியே தள்ளியது. ஈ) செல்லில் இருந்த நீர் செல் சவ்வைக் கடந்து வெளியே வந்தது. எல்லாவற்றிலும் பாடச் சொல் இருக்கிறது, நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. இதைக் கொடுத்தபோது 'இ'க்கு ஒரு கூட்டமே விழுந்தது.

இன்னொன்று, நான்கு சாய்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 40 பேரில் சுமார் 10 பேருக்குச் சரியாக அமையும். அதனால் சாய்ஸ் கேள்வியின் கீழே எப்போதும் "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்? ஒரு வரி" என்று சேருங்கள். நான் முதலில் அந்த ஒரு வரியைத்தான் படிப்பேன், எழுத்தைப் பிறகுதான் பார்ப்பேன்.

எழுத வராத பசங்க இருக்காங்க. புரிஞ்சிருக்கும், ஆனா வாக்கியமா எழுத முடியாது. அவங்களுக்கு?

படமாகக் கேளுங்கள். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வட்டம். வட்டம்தான் செல் சவ்வு. உள்ளே மூன்று புள்ளி, வெளியே பத்துப் புள்ளி, புள்ளிகள் எல்லாம் உப்பு என்று சொல்லிவிடுங்கள். "நீர் அதிகமாக எந்தப் பக்கம் போகும்? அம்புக்குறி போடு" என்று கேட்டால் போதும். மொழி தடுமாறும் பிள்ளைக்கும் இது கைகொடுக்கும், உங்களுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அதே படத்தில் உள்ளேயும் வெளியேயும் ஐந்தைந்து புள்ளி போட்டுக் கேட்டுப் பாருங்கள். பலர் அம்புக்குறியே போடமாட்டார்கள், "நீர் நகராது" என்று எழுதுவார்கள். நீர் அப்போதும் இரு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது, இரண்டும் சமமாக இருப்பதால் அளவு மாறுவதில்லை. இந்தத் தவறு எழுத்துப் பதில்களில் எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை, படத்தில்தான் வெளியே வந்தது.

"செறிவு"ங்கற இடத்துல எல்லாம் தலைகீழா எழுதறாங்க. புரியலையா, இல்ல வார்த்தைக் குழப்பமா?

பாதிக்கு மேல் வார்த்தைக் குழப்பம், அதில் நமக்கும் பங்கு உண்டு. "செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். எதன் செறிவு? நீரின் செறிவு என்றால் அந்த வரி சரி. ஆனால் பிள்ளை வேதியியல் வகுப்பில் செறிவு என்ற சொல்லைக் கரைபொருளுக்குத்தான் கேட்டிருக்கிறது. உப்பின் செறிவு என்று எடுத்துக்கொண்டால் திசை நேர் எதிராகிவிடும். ஹைப்பர்டானிக், ஹைப்போடானிக் என்ற சொற்களிலும் இதே கதைதான், இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுகின்றன.

எது குழப்பம் என்று பிரித்துப் பார்க்க இரண்டு வழி உண்டு. முந்தின பதிலில் சொன்ன புள்ளிப் படத்தைக் கொடுங்கள். அம்புக்குறி சரியாக வந்து, வாக்கியம் தலைகீழாக இருந்தால் கருத்து புரிந்திருக்கிறது, சொல்தான் இடறுகிறது. அல்லது கேள்வியில் 'செறிவு' என்ற சொல்லையே தவிர்த்து, "உப்பு எந்தப் பக்கம் அதிகம்? நீர் எந்தப் பக்கம் போகிறது?" என்று கேளுங்கள். சொல்லைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். கருத்தைத் திருத்த ஒரு பீரியட் வேண்டும். எது என்று தெரியாமல் முழு பீரியடையும் செலவழித்தால் வீண்.

42 சீட்டு. இதே மாதிரி நாலு செக்‌ஷன். எப்போ படிக்கறது?

திருத்த வேண்டாம், பிரித்தால் போதும். சிவப்புப் பேனாவைத் தொடவே தொடாதீர்கள். மேசையில் வைத்து, ஒவ்வொரு சீட்டையும் பார்த்ததும் ஒரு அடுக்கில் போடுங்கள். ஒரு சீட்டுக்குப் பத்து நொடி ஆகும், ஒரு வகுப்புக்கு ஏழெட்டு நிமிடம். சரி, தப்பு என்று இரண்டு அடுக்காகப் பிரிக்காமல், தப்பின் வகைப்படி பிரியுங்கள்.

வெள்ளரிக் கேள்வியை எழுத்துப் பதிலாகக் கேட்ட ஒரு வகுப்பில் எனக்கு வந்த அடுக்குகள் இப்படி. சரியானவை 15. உப்பு கரைந்து நீரானது என்றவை 11. உப்பு உள்ளே புகுந்து தள்ளியது என்றவை 9. வரையறையை மட்டும் எழுதியவை 5. வெற்றுத்தாள் 2. பதிவேட்டின் ஓரத்தில் 15-11-9-5-2 என்று எழுதி வைத்தேன். அது மட்டும்தான் எனக்குத் தேவை. நாலு செக்‌ஷனுக்கும் ஒரே நாளில் வைக்கவும் வேண்டாம். நான் ஒரு செக்‌ஷனுக்கு வாரம் இரண்டு தடவைக்கு மேல் வைப்பதில்லை.

பிரிச்சாச்சு. பாதிக்கு மேல தப்பு. மறுநாள் பாடத்தை முதல்லேர்ந்து நடத்தணுமா?

முதலிலிருந்து நடத்தினால் அதே சொற்கள் அதே காதில் மறுபடி விழும். எந்த அடுக்கு பெரியதோ அதை மட்டும் உடையுங்கள். மேலே சொன்ன வகுப்பில் 11 பேர் அடுக்குக்கு நான் செய்தது சின்ன வேலை. உலர்ந்த தட்டு ஒன்றில் ஒரு ஸ்பூன் உப்பு, இன்னொன்றில் அதே உப்பு வெள்ளரி வில்லையின் மேல். வகுப்பு ஆரம்பிக்கும்போதே முன் பெஞ்சில் வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் வெறும் உப்பு உப்பாகவே இருந்தது. கரைவதற்கே முதலில் நீர் வேண்டும், அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்தே பதில் வந்துவிட்டது.

9 பேர் அடுக்குக்கு வாடிய கீரைத்தண்டைக் கொண்டுபோனேன். வெறும் தண்ணீரில் போட்டு வைத்தால் விறைப்பாகிறது. கீரைக்கார அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வெளியே உப்பே இல்லை, தள்ளுவதற்கு அங்கே எதுவும் கிடையாது, அப்படியானால் நீர் ஏன் உள்ளே போனது? இந்த ஒரு கேள்வியில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. முன்பெல்லாம் இந்த இடத்தில் உலர் திராட்சையை ஊறவைத்துக் காட்டுவேன், இப்போது விட்டுவிட்டேன். காய்ந்த திராட்சையின் செல்கள் உயிரோடு இல்லை. அடுத்து நான் சொல்லப்போகும் வேகவைத்த உருளைக்கிழங்குக் கேள்வியோடு அது மோதும்.

புரிஞ்சுதா, இல்ல உதாரணத்தைத்தான் மனப்பாடம் பண்ணிட்டாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒன்றை மட்டும் மாற்றி, என்ன ஆகும் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். கிழங்கைத் தோல் சீவிக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, நீருள்ள தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே மட்டம் ஏறும். இதைச் செய்து காட்டிய அன்று நான் கொடுக்கும் சீட்டு: "இதே சோதனையை வேகவைத்த உருளைக்கிழங்கில் செய்தால் மட்டம் ஏறுமா? காரணம் எழுதுக."

ஏறாது. வேகும்போது செல் சவ்வுகள் சிதைந்துபோகின்றன. நீரை விட்டு சர்க்கரையைத் தடுக்க ஆள் இல்லை, சர்க்கரையும் வெளியே கசிந்துவிடும். "உப்போ சர்க்கரையோ இருந்தால் நீரை இழுக்கும்" என்று மட்டும் புரிந்துகொண்டவர்கள் ஏறும் என்று எழுதுவார்கள். மேலே என் தாளில் மூன்றாவதாக எழுதிய எண்ணம், சவ்வுக்கு வேலை இல்லை என்பது, இந்தக் கேள்வியில்தான் சிக்கும். வெள்ளரிக் கேள்வியில் அது தப்பித்துவிடும். "கிழங்கு செத்துவிட்டது, அதனால் ஏறாது" என்ற பதிலும் நிறைய வரும். அதைச் சரி அடுக்கில் போடாதீர்கள். செத்தால் என்ன போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

புக் பேக் ஒரு மார்க் கேள்வியையே கொடுக்கலாமா? பொதுத்தேர்வுக்கும் ஆச்சுல்ல?

அப்படியே கொடுத்தால் பயனில்லை, பலர் கைடில் விடையைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு புத்தகக் கேள்வி ஒரு சரியான விடையைக் கேட்கிறது என்றால், நீங்கள் விடையைக் கொடுத்துவிட்டு "மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று ஏன் தவறு?" என்று கேளுங்கள். கேள்வியும் புத்தகத்தில் உள்ளதுதான், மனப்பாடம் மட்டும் உதவாது.

மரபியல்ல கட்டம் போட்டா எல்லாருக்கும் 3:1 வந்துடுது. அதுல என்ன சோதிக்கறது?

கட்டம் போடுவது ஒரு கைப்பழக்கம். அந்த 3:1 எதைச் சொல்கிறது என்பதைத்தான் சோதிக்க வேண்டும். நான் கேட்பது: "உருண்டை விதைக்கான கலப்பினப் பட்டாணிச் செடி ஒன்று தன்மகரந்தச் சேர்க்கை செய்தது. அதில் ஒரு காயில் நான்கு விதைகள். கண்டிப்பாக மூன்று உருண்டையாகவும் ஒன்று சுருங்கியும் இருக்குமா?" ஆம் என்று எழுதுபவர்கள் விகிதத்தை ஒரு பங்கீடாக நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக நான்கில் மூன்று வாய்ப்பு. கணக்குப் போட்டால், நான்கு விதையில் சரியாக மூன்று உருண்டையாக அமைய வாய்ப்பு சுமார் 42 சதவீதம்தான், பாதிகூட இல்லை. நான்குமே உருண்டையாக இருக்க 32 சதவீதம் வாய்ப்பு உண்டு.

மறுநாள் விளக்கும்போது மெண்டலின் எண்களையே எழுதிப் போடுங்கள். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியது. ஏழாயிரம் விதைக்கு மேல் எண்ணியும் அவருக்கு வந்தது 2.96-க்கு 1. ஒரு காயில் எப்படிச் சரியாக வரும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை. மரபியல் சீட்டில் "உன் அப்பா அம்மாவின் ரத்த வகை என்ன?" என்பது போல வீட்டைத் தொடும் கேள்வி வேண்டாம். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, அதை இன்னும் அறியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம். பட்டாணியே போதும்.

நல்லா படிக்கிற பசங்களும் ஒரே மாதிரி தப்பு பண்றாங்க. என் கேள்விதான் தப்போ?

அப்படிச் சந்தேகப்படுவது சரி. படிக்கிற பிள்ளைகள் தப்பு செய்து, மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு. நான் ஒருமுறை "தாவரங்கள் பகலில் சுவாசிக்கின்றனவா?" என்று கேட்டேன். நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேர் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கூப்பிட்டு விசாரித்தால், "அதுக்கு மூக்கு, நுரையீரல் இல்லையே மிஸ்" என்றார்கள். சுவாசித்தல் என்றால் அவர்களுக்கு மூச்சுவிடுதல். செல்லுக்குள் குளுக்கோஸ் உடைந்து ஆற்றல் வெளியாவதை நான் கேட்டிருக்கிறேன், அவர்கள் மூச்சைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அதை இப்படிக் கேட்கிறேன்: "நண்பகல் 12 மணி. நல்ல வெயில். செம்பருத்தி இலையின் ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டிருக்குமா? ஏன்?" குழப்பத்துக்கு இடமில்லை. ஒளிச்சேர்க்கை நடக்கும்போது சுவாசம் நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் இதில் தெளிவாகத் தெரிந்துவிடுவார்கள். கேள்வியை வகுப்பில் கொடுப்பதற்கு முன்னால் வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் தமிழாசிரியை ஒருவர்தான் எனக்கு இந்த உதவியைச் செய்கிறார். "இது என்ன கேக்குதுன்னே புரியல" என்று அவர் சொன்னால் திருத்திவிடுவேன்.

பேர் எழுதச் சொல்லணுமா? மார்க் உண்டான்னு கேக்கறாங்களே?

பெயர் வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று தெரிய வேண்டுமே. மார்க் கூடவே கூடாது. மார்க் என்றதும் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரே பெஞ்சில் ஐந்து சீட்டும் ஒரே வாக்கியமாக இருக்கும். மார்க் இல்லை என்று நீங்கள் சொன்னாலும் முதல் மாதம் நம்பமாட்டார்கள். தப்பாக எழுதியவரின் பெயரை வகுப்பில் ஒருமுறைகூடச் சொல்லாமல் இருந்தால் மெதுவாக நம்புவார்கள். தப்பான பதிலைக் கரும்பலகையில் எழுதி அலசும்போது என் கையெழுத்தில் எழுதுவேன், சீட்டைத் தூக்கிக் காட்டமாட்டேன்.

சில பசங்க ஒண்ணுமே எழுதாம வெறும் தாளைக் கொடுக்கறாங்க. அதை என்ன பண்றது?

அதைத் தனி அடுக்காக வையுங்கள், 'தப்பு' அடுக்கில் சேர்க்காதீர்கள். ஒரே பிள்ளை மூன்று தடவை வெறும் தாள் கொடுத்தால் தனியாகக் கூப்பிட்டு, அதே கேள்வியை வாயால் கேளுங்கள். நான் சொன்ன 15-11-9-5-2 வகுப்பில் அந்த இரண்டு பேரில் ஒருவன் வெள்ளரிக் கேள்விக்கு வாயால் முழுமையாகப் பதில் சொன்னான். தமிழ் எழுத வராத பிள்ளை அவன், வெளி மாநிலத்திலிருந்து அந்த வருடம்தான் சேர்ந்திருந்தான். அடுத்த சீட்டிலிருந்து அவனுக்குப் புள்ளிப் படம் கொடுத்தேன். இன்னொருத்திக்குக் கரும்பலகையே தெரியவில்லை. கண் பரிசோதனைக்கு அனுப்பி, அதுவரை கேள்வியை அவள் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.